தொலைக்காட்சி அருகே கூடுதல் லேன் போர்ட்: சிறு சுவிட்ச் போதுமா, லூப் வராமல் இணைப்பது எப்படி?

தக்கலைத் தென்றல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகில் எங்கள் மாடி வீடு இருக்கிறது. ஃபைபர் இணைப்பு வாசல் அறைக்கு வருகிறது. இணைய நிறுவனத்தார் கொடுத்த ரவுட்டர் அங்கேயே சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அதன் பின்புறம் நான்கு லேன் போர்ட்கள் உள்ளன. வீடு கட்டியபோதே சுவருக்குள் குழாய் வைத்து, ரவுட்டரிலிருந்து ஹாலில் தொலைக்காட்சி மாட்டும் சுவருக்கு ஒரு கேபிளும், மாடி அறைக்கு ஒரு கேபிளும் இழுத்துவிட்டோம். மாடி அறையில் வைஃபைக்காக ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைத்திருக்கிறோம்.

இப்போது தொலைக்காட்சிக்குக் கீழே நான்கு பொருள்கள் சேர்ந்துவிட்டன: தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், மகனின் விளையாட்டுக் கன்சோல், சிசிடிவியின் டிவிஆர். வைஃபையில் படம் அடிக்கடி நின்று நின்று வருவதால் நான்கையும் கேபிளில் இணைக்க விரும்பி, ஐந்து போர்ட் கொண்ட சிறு சுவிட்ச் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை.

தொலைக்காட்சிச் சுவரில் ஒரே தகட்டில் இரண்டு லேன் சாக்கெட்டுகள் இருக்கின்றன. ஒன்று ரவுட்டரிலிருந்து வருவது என்று உறுதியாகத் தெரியும். மற்றொன்று எதற்கு என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டபோது, "பிற்காலத்தில் உதவும் என்று போட்டேன், அது மாடிக்குப் போகும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு சாக்கெட்டுகளையும் சுவிட்சில் செருகினால் வேகம் கூடுமா? தவறாகச் செருகினால் வீடு முழுவதும் நெட் நின்றுபோகும் என்று அலுவலகத்தில் ஒருவர் எச்சரித்ததால்தான் இங்கே கேட்கிறேன்.

நாகர்கோவில் கம்பியாளர்

இரண்டாவது சாக்கெட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதன் மறுமுனை எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பது தெரியும்வரை அதில் எந்தக் கேபிளும் வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சுவிட்ச். ரவுட்டரிலிருந்து வரும் சாக்கெட்டிலிருந்து ஒரு கேபிளைச் சுவிட்சின் ஏதாவது ஒரு போர்ட்டில் செருகுங்கள். எந்தப் போர்ட் என்பது முக்கியமில்லை. இந்தக் காலத்துச் சிறு சுவிட்சுகள் எதிர்முனையில் ரவுட்டர் இருக்கிறதா, தொலைக்காட்சி இருக்கிறதா என்று பார்த்துத் தாமாகவே அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் சரிசெய்துகொள்ளும். மீதி நான்கு போர்ட்களில் உங்கள் நான்கு பொருள்களும் சரியாக அடங்கிவிடும். ஐந்தாவது பொருள் வரும் என்று தோன்றினால் மட்டும் எட்டு போர்ட் சுவிட்சாக மாற்றிக்கொள்ளலாம். இதில் அமைப்புப் பக்கமோ கடவுச்சொல்லோ கிடையாது. அடாப்டரைச் செருகியதும் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலான தொலைக்காட்சிகளின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் அளவுதான். 4கே படம் ஓடும்போதுகூட சுமார் 25 எம்பிபிஎஸ்ஸுக்குள் முடிந்துவிடும். கன்சோல் பெரிய விளையாட்டைப் பதிவிறக்கும்போது மட்டும்தான் கேபிள் நிறையும். ரவுட்டரில் ஒன்றைக் கவனியுங்கள். நிறுவனங்கள் தரும் சில பழைய பெட்டிகளில் நான்கு போர்ட்களில் ஒன்று மட்டுமே கிகாபிட். மற்ற மூன்றும் 100 எம்பிபிஎஸ். போர்ட்டுக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஒன்றின்மேல் GE என்றும் மற்றவற்றின்மேல் FE என்றும் இருந்தால், ஹாலுக்குப் போகும் கேபிளை GE போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி அந்த இரண்டாவது சாக்கெட். அதன் மறுமுனை மாடியில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தால் எந்தத் தீங்கும் இல்லை. அது ஆக்சஸ் பாயின்ட்டின் இன்னொரு போர்ட்டில் செருகப்பட்டிருந்தால், நீங்கள் இந்தப் பக்கம் செருகிய உடனே ரவுட்டர், ஹால் சுவிட்ச், மாடிப் பெட்டி மூன்றும் ஒரு முக்கோணமாகிவிடும். ரவுட்டரிலிருந்து மாடிக்கு நேராக ஒரு வழி, ஹால் வழியாக இன்னொரு வழி. இதுதான் லூப். மூன்று பெட்டிகளும் ஒரே அறையில் இல்லாததால் பார்வைக்கு எதுவும் தவறாகத் தெரியாது. எல்லாக் கேபிளும் ஒழுங்காகச் செருகியதுபோலவே இருக்கும்.

குளச்சல் கடலோடி

கம்பியாளர் அண்ணாச்சி கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகினால்தான் லூப் வரும். இரண்டு வெவ்வேறு பெட்டிகளுக்கு இடையே இரண்டு கேபிள் போட்டால் ஒன்றும் ஆகாது. எங்கள் அலுவலகத்தில் கீழ்த்தளச் சுவிட்சுக்கும் மேல்தளச் சுவிட்சுக்கும் இடையே இரண்டு கேபிள்கள் ஆண்டுக்கணக்காக இருக்கின்றன. ஒரு நாளும் நெட் நின்றதில்லை. மேலும் இரண்டு கேபிள் என்றால் வேகமும் இரண்டு மடங்குதானே?

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் வைஃபையும் கேபிளும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் அதுவும் லூப் என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. என் வீட்டில் இரண்டும் இணைந்தே இருக்கின்றன.

நாகர்கோவில் கம்பியாளர்

தொலைக்காட்சியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தொலைக்காட்சி ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் தள்ளிவிடுவதில்லை. தனக்கு வந்ததை எடுத்துக்கொண்டு அங்கேயே முடித்துவிடும். கன்சோலும் டிவிஆரும் அப்படித்தான். ஒரு போர்ட்டில் வந்ததை இன்னொரு போர்ட்டில் அனுப்பும் பெட்டிகள் மட்டுமே லூப்பில் பங்கெடுக்கும்: சுவிட்ச், ரவுட்டரின் லேன் பக்கம், இரண்டு போர்ட் கொண்ட ஆக்சஸ் பாயின்ட். விண்டோஸ் மடிக்கணினியில் வைஃபையையும் லேனையும் யாராவது பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றில் வந்ததை மற்றொன்றில் அனுப்பும்படி சேர்த்து வைத்திருந்தால் அதுவும் இந்தக் கூட்டத்தில் சேரும்.

அலுவலக விஷயத்தில்தான் உங்கள் முடிவு பொருந்தவில்லை. அங்கே இருப்பவை அநேகமாக மேனேஜ்டு சுவிட்சுகளாக, அதாவது அமைப்புப் பக்கம் உள்ள பெரிய சுவிட்சுகளாக இருக்கும். அவற்றில் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு ஓடுகிறது. ரேடியா பெர்ல்மன் 1985-இல் வடிவமைத்தது, 1990-இல் 802.1டி என்ற தரநிலைக்குள் வந்தது. சுவிட்சுகள் ஒன்றோடொன்று பேசி, ஒரே இடத்துக்கு இரண்டு வழிகள் இருப்பதைக் கண்டால் ஒன்றை அடைத்துவிடும். ஆகவே உங்கள் இரண்டாவது கேபிள் ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடக்கிறது. முதலாவது அறுந்தால்தான் அது எழுந்து வேலை செய்யும். பழைய முறையில் ஓடும் சுவிட்சாக இருந்தால், கேபிளைப் பிடுங்கிச் செருகியபின் 30 நொடி வரை எதுவும் போகாது. சுவிட்ச் கேட்டுப் பார்த்து, முகவரிகளைக் கற்றுக்கொள்வதற்கு ஆகும் நேரம் அது. இரண்டு கேபிளும் சேர்ந்து ஒன்றாக உழைக்க வேண்டுமென்றால் இரு முனைகளிலும் அதற்கென அமைத்திருக்க வேண்டும். சில நூறு ரூபாய் பெட்டியில் அந்த வசதியே கிடையாது.

தக்கலை நண்பர் வாங்கியிருக்கும் வகைச் சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ ஓடாது. அதனால்தான் ஒரே சுவிட்சோ மூன்று பெட்டிகளோ, வட்டம் மூடினால் விளைவு ஒன்றுதான்.

மார்த்தாண்டம் தேன்

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் இதே லூப்தான் என்று இந்த இழையைப் படித்தபின் தோன்றுகிறது. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா இருந்ததால், சுவிட்ச் வாங்காமல் அதையே தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்து, புது ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகினோம். சில நாள் எல்லாம் நன்றாக இருக்கும். சில நாள் தொலைக்காட்சியில் மட்டும் நெட் வராது. அதே நேரத்தில் என் கைப்பேசியில் வரும். தொலைக்காட்சியை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகிவிடும். எந்தக் கேபிளைப் பிடுங்க வேண்டும்?

நாகர்கோவில் கம்பியாளர்

அக்கா, எந்தக் கேபிளையும் பிடுங்க வேண்டாம். இது லூப் அல்ல. லூப் வந்தால் ஒரு பொருளுக்கு மட்டும் நெட் போகாது; கைப்பேசி உட்பட எல்லாம் சேர்ந்து விழும். உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர்களும் முகவரி வழங்கிக்கொண்டிருக்கின்றன. எது முந்துகிறதோ அதன் முகவரியைத் தொலைக்காட்சி வாங்கிக்கொள்கிறது. பழையது முந்திய நாளில், இணையமே இல்லாத அந்தப் பெட்டியைத் தொலைக்காட்சி வாசலாக நம்பிவிடுகிறது. அதன் நெட்வொர்க் விவரத்தில் Gateway என்ற வாசல் முகவரியைப் பாருங்கள். நல்ல நாளில் ஒன்றும் கெட்ட நாளில் வேறொன்றும் தெரிந்தால் சந்தேகமே இல்லை.

பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி வழங்கும் DHCP Server என்பதை அணைத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே முகவரி இருந்தால் பழையதன் முகவரியையும் மாற்றிவிடுங்கள். அதன் பிறகு அது வெறும் சுவிட்சாகவே இருக்கும். லேன் போர்ட்டில் செருகியது சரிதான். அதன் WAN போர்ட்டைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.

தக்கலைத் தென்றல்

கம்பியாளர் அண்ணாச்சிக்கு நன்றி. நேற்று மாலை மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, அந்த மர்மச் சாக்கெட்டில் மட்டும் கேபிளைச் செருகிப் பார்த்தேன். உடனே நெட் வந்துவிட்டது. அதாவது மறுமுனை எங்கோ உயிரோடு இருக்கிறது. மாடிக்குப் போய்க் கட்டிலை நகர்த்திப் பார்த்தபோது, அங்கேயும் சுவரில் இரண்டு சாக்கெட்டுகள்; ஆக்சஸ் பாயின்ட்டின் இரண்டு லேன் போர்ட்களிலும் இரண்டு நீலக் கேபிள்கள் செருகப்பட்டிருந்தன. வைஃபை பெட்டியை மாட்டிக்கொடுத்தவர், சாக்கெட் இரண்டு, போர்ட் இரண்டு என்று இரண்டையும் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

ஹாலில் அந்தப் பக்கம் காலியாக இருந்ததால்தான் இதுவரை தொல்லை வரவில்லை என்று புரிகிறது. இரண்டையும் நான் சுவிட்சில் செருகியிருந்தால் உண்மையில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. ஒரு கேபிள் கூடினால் வீடே நின்றுபோவது எப்படி?

நாகர்கோவில் கம்பியாளர்

உங்கள் வீட்டையே வைத்துச் சொல்கிறேன். தொலைக்காட்சியைப் போட்டதும் அது "ரவுட்டர் எங்கே இருக்கிறது?" என்று ஒரு சிறு கேள்வியை அனைவருக்கும் அனுப்புகிறது. அனைவருக்குமான செய்தி என்பதால், சுவிட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்களிலும் அனுப்பியாக வேண்டும். ஒரு பிரதி ரவுட்டருக்குப் போகிறது. இன்னொரு பிரதி மாடிப் பெட்டிக்குப் போகிறது. ரவுட்டர் தனக்கு வந்ததை மாடிக்கு அனுப்புகிறது. மாடிப் பெட்டி தனக்கு வந்ததை ரவுட்டருக்கு அனுப்புகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றி மறுபடி ஹால் சுவிட்சுக்கே வருகின்றன. முன்பே பார்த்த செய்தி இது என்று சுவிட்சுக்குத் தெரியாது. புதிதாக வந்ததுபோல மீண்டும் அனுப்பும்.

இணையப் பொதிகளில் இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துவிடு என்று ஒரு கணக்கு இருக்கும். ஆனால் சுவிட்சுகள் பார்க்கும் ஈதர்நெட் சட்டகத்தில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. எனவே அந்த ஒரு கேள்வி நொடிக்குப் பல்லாயிரம் முறை வட்டமடிக்கும். கைப்பேசி, டிவிஆர், கன்சோல் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்கும். அவையும் சாகாமல் சேர்ந்துகொள்ளும். 100 எம்பிபிஎஸ் கேபிளில் மிகச் சிறிய சட்டகங்கள் நொடிக்கு ஏறத்தாழ 1,48,800 போக முடியும், கிகாபிட்டில் 14,88,000. நிறைவது வரை நிறைந்து, உண்மையான செய்திக்கு இடமில்லாமல் போய்விடும். இதைத்தான் புயல் என்பார்கள்.

இதோடு முடிவதில்லை. தொலைக்காட்சியின் முகவரி ஒரு கணம் அதன் சொந்தப் போர்ட்டில் இருப்பதாகவும், மறுகணம் ரவுட்டர் பக்கம் இருப்பதாகவும் சுவிட்ச் கற்றுக்கொள்ளும். எனவே தொலைக்காட்சிக்கு என்றே வந்த செய்தியும் வேறு பக்கம் போய்விடும். வைஃபை ஏன் சாகிறது என்றால், மாடிப் பெட்டி இந்தச் சுற்றும் செய்திகள் ஒவ்வொன்றையும் காற்றிலும் ஒலிபரப்ப வேண்டும். அனைவருக்குமான செய்தியை வைஃபை மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும். ரவுட்டரின் செயலியும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருப்பதால், அதன் அமைப்புப் பக்கம்கூடத் திறக்காது. வீட்டார் நிறுவனத்துக்குத்தான் தொலைபேசி செய்வார்கள். அங்கே இருப்பவர் ஃபைபரில் ஒளி சரியாக வருகிறது என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

குளச்சல் கடலோடி

இதைச் சோதிக்காமல் விட மனமில்லை. நேற்று இரவு என் வீட்டுச் சுவிட்சில் ஒரு சிறு கேபிளின் இரு முனைகளையும் செருகிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். தொலைக்காட்சி நிற்கவே இல்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது. சுவிட்சில் அந்தப் போர்ட்களின் விளக்கு மட்டும் ஒரு மாதிரியாகச் சிமிட்டியது. நாகர்கோவிலில் சில மாதங்களுக்கு முன்புதான் அந்தச் சுவிட்சை வாங்கினேன். இந்தப் புயல் கதையெல்லாம் பழைய பெட்டிகளுக்குத்தான் பொருந்தும் போலிருக்கிறது.

நாகர்கோவில் கம்பியாளர்

உங்கள் சுவிட்சின் அட்டைப் பெட்டியில் Loop Prevention அல்லது Loop Detection என்று எழுதியிருக்கிறதா, அடிப்பகுதியில் அதற்கென ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

குளச்சல் கடலோடி

பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் Loop Prevention என்று எழுதியிருக்கிறது. நெம்புகோல் எதுவும் இல்லை. அப்படியானால் அந்த வசதி உள்ள சுவிட்சாக வாங்கிவிட்டால் பிரச்சினை அதோடு தீர்ந்தது அல்லவா? தக்கலை நண்பர் தம் சுவிட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை வாங்கலாமே.

நாகர்கோவில் கம்பியாளர்

அந்தச் சுவிட்ச் அவ்வப்போது தன் போர்ட்கள் வழியாக ஓர் அடையாளச் செய்தியை அனுப்பும். தான் அனுப்பியது தன்னிடமே திரும்பி வந்தால், அந்தப் போர்ட்டை அடைத்துவிடும். உங்கள் சோதனையில் கேபிள் சுவிட்சுக்குள்ளேயே திரும்பியதால் உடனே பிடித்துவிட்டது. முக்கோணத்தில் அந்த அடையாளச் செய்தி ரவுட்டரையும் மாடிப் பெட்டியையும் கடந்து வர வேண்டும். நடுவில் இருப்பவை அதை மாற்றாமல் கடத்தினால் பிடிபடும், பெரும்பாலும் கடத்தும். ஆனால் நடுவில் உள்ள ஒரு பெட்டி அதைக் கடத்தாமல் மற்ற செய்திகளை மட்டும் கடத்தினால், சுவிட்ச் ஒன்றும் அறியாமல் இருக்கும், புயல் நடக்கும். சில சுவிட்சுகள் விளக்கை மட்டும் எரியவிட்டு எச்சரிக்கும், போர்ட்டை அடைக்காது. ஆகவே கூடுதல் விலை கொஞ்சம்தான் என்றால் வாங்குவதில் தவறில்லை. இருந்தாலும் மூன்று அறைகளிலும் கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வைத்திருப்பதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

குளச்சல் கடலோடி

வீட்டில் புழங்கும் பெட்டிகள் அந்தச் செய்தியைக் கடத்தாமல் விடும் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. இருந்தாலும் அலுவலகச் சுவிட்சைப் பற்றி நீங்கள் சொன்னதைத் திங்கள்கிழமை கேட்டுப் பார்க்கிறேன்.

கருங்கல் மலையோரம்

லூப் வந்துவிட்டதா, நிறுவனத்தின் இணைப்புதான் போய்விட்டதா என்பதை வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பிரித்தறிவது? என் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். கேபிளைப் பற்றித் தொலைபேசியில் விளக்குவது கடினம்.

நாகர்கோவில் கம்பியாளர்

முதல் அடையாளம் சுவிட்சின் விளக்குகள். நல்ல நிலையில் அவை ஒழுங்கில்லாமல் சிமிட்டும். ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, தொலைக்காட்சி அணைந்திருந்தால் அதன் விளக்கு எப்போதாவது. லூப்பில் எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில், இடைவெளியே தெரியாத அளவுக்குத் துடிக்கும். அணைத்து வைத்த பொருளின் போர்ட்கூடச் சேர்ந்து துடிக்கும். அப்பாவிடம் "எல்லா விளக்கும் ஒன்றுபோல அடிக்கிறதா?" என்று கேட்டால் போதும்.

இரண்டாவதாக, விண்டோஸ் கணினி இருந்தால் ரவுட்டரின் முகவரிக்கு இப்படித் தொடர்ந்து குரல் கொடுத்துப் பார்க்கலாம். முகவரி உங்கள் ரவுட்டருக்கு ஏற்ப மாறும்.

```
ping -t 192.168.1.1
```

நிறுவனத்தின் இணைப்பு மட்டும் போயிருந்தால், ரவுட்டர் ஓரிரு மில்லிநொடியில் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். லூப்பில் பதில் நூற்றுக்கணக்கான மில்லிநொடிக்கு ஏறும். அல்லது `Request timed out` என்று வரிசையாக வரும். இந்தச் சாளரத்தை ஓடவிட்டபடியே சுவிட்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். வட்டத்தில் உள்ள கேபிளைப் பிடுங்கிய கணத்தில் பதில்கள் திரும்பி வரும். வட்டத்தில் எந்த ஒன்றைப் பிடுங்கினாலும் புயல் நிற்கும் என்பதால், அந்தக் கேபிள் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

ரவுட்டரை மட்டும் அணைத்துப் போடுவது பயன்படாது. அணைந்திருக்கும்போது வட்டம் அறுந்துவிடுவதால் எல்லாம் அமைதியாகும். மீண்டும் எழுந்ததும் முதல் கேள்வியோடு புயலும் எழும். போட்டதும் கொஞ்சம் வந்துவிட்டுப் போகிறது என்று பலர் சொல்வது இதனால்தான்.

தக்கலைத் தென்றல்

முடிவெடுக்க ஒரு கேள்வி மீதி இருக்கிறது. மூன்று கேபிள்களில் எதை விட்டுவிடுவது? மாடியை ஹால் சுவிட்ச் வழியாக இணைத்தால், ரவுட்டரில் ஒரு போர்ட் மிச்சமாகும். ஆனால் என் சுவிட்சில் ஐந்து போர்ட்களும் ஏற்கனவே நிறைந்துவிடுகின்றன.

நாகர்கோவில் கம்பியாளர்

எந்த இரண்டை வைத்தாலும் வட்டம் இராது. அதனால் லூப் என்ற கண்ணில் மூன்றும் ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு ஹாலுக்கும் மாடிக்கும் இடையிலுள்ள கேபிளை விட்டுவிடுவதே நல்லது. போர்ட் பற்றாக்குறையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதைவிட, மாடி ஹால் வழியாகப் போனால் ஹால் சுவிட்சின் அடாப்டரை யாராவது மின்செருகியிலிருந்து எடுத்ததும் மாடி வைஃபையும் நின்றுவிடும். தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் அடாப்டர்களைத் தூசி தட்டும்போது பிடுங்காத வீடு உண்டா? மின்தடையிலும் அப்படித்தான், ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருந்து, ஹால் மின்செருகி அதில் இல்லை என்றால், மாடிக்கு நெட் இருக்காது. டிவிஆர் மின்தடையிலும் பதிவு செய்து, வெளியிலிருந்து பார்க்க முடிய வேண்டுமென்றால், டிவிஆரோடு இந்தச் சுவிட்சையும் இன்வெர்ட்டர் பக்கம் மாற்றிவிடுங்கள்.

விடும் கேபிளை மாடி முனையில் பிடுங்குங்கள். ஹாலில் மட்டும் பிடுங்கி வைத்தால் என்றாவது ஒருவர் காலியாக இருக்கும் சாக்கெட்டைப் பார்த்துச் செருகிவிடுவார். இரண்டு முனைச் சாக்கெட்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எங்கே போகிறது என்று எழுதிவிடுங்கள்.

குளச்சல் கடலோடி

இதில் நான் ஒன்றைச் சேர்க்கிறேன்; கடற்கரையோர வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. நீண்ட காலம் காலியாகக் கிடந்த சாக்கெட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளில் உப்புக்காற்றால் பச்சை பூத்துவிடும். எட்டுக் கம்பிகளில் நான்கு சரியாகத் தொட்டால் 100 எம்பிபிஎஸ் ஓடும். கிகாபிட்டுக்கு எட்டும் தேவை. கேபிளும் சுவிட்சும் கிகாபிட் என்று சொல்லி வாங்கியபின்னும் விளக்கு 100-க்கான நிறத்திலேயே எரிந்தால் நான் முதலில் சாக்கெட்டைத்தான் பார்ப்பேன். தக்கலை உள்ளே தள்ளி இருப்பதால் இவருக்கு இது பெரிதாக இராது.

தக்கலைத் தென்றல்

இணைத்துவிட்டேன். மாடியில் இரண்டாவது நீலக் கேபிளைப் பிடுங்கி, இரு முனைகளிலும் எழுதி ஒட்டியாயிற்று. ஹாலில் ரவுட்டர் கேபிள் முதல் போர்ட்டில், அடுத்து தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், கன்சோல், டிவிஆர். தொலைக்காட்சியின் விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிகிறது. அதன் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்பதால் அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ரவுட்டரில் GE என்று ஒன்றுதான் இருந்தது. மாடிக்குப் போன கேபிள் அதில் இருந்தது. ஹாலுக்கானதோடு மாற்றிச் செருகிவிட்டேன். அந்த மாற்றத்துக்குப் பிறகு மாடியில் வேகம் 100-க்குள் நின்றுவிட்டது என்று மகள் புகார் செய்கிறாள். அதைப் பிறகு பார்க்க வேண்டும்.

நாகர்கோவில் கம்பியாளர்

அப்படியானால் மாற்றியதைத் திரும்ப மாற்றிவிடுங்கள். நான் சொன்னபோது மாடியில் யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பது என் கணக்கில் இல்லை. தொலைக்காட்சிக்கு 100 போதும். கன்சோல் பதிவிறக்கம் மட்டும் சற்று நேரம் எடுக்கும். இருவருக்கும் கிகாபிட் வேண்டுமென்றால், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு கிகாபிட் சுவிட்சை GE போர்ட்டில் வைத்து, அதிலிருந்து ஹாலுக்கும் மாடிக்கும் பிரித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் ரவுட்டரிலிருந்து அந்தச் சுவிட்சுக்கு ஒரே ஒரு கேபிள்தான் போக வேண்டும். மீதி மூன்று FE போர்ட்களையும் அதோடு சேர்த்துவிடாதீர்கள்.

தோவாளைப் பூக்காடு

எங்கள் வீட்டில் மாடியில் இருப்பது சாதாரண ஆக்சஸ் பாயின்ட் அல்ல, இரண்டு பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபை. அவை தமக்குள் காற்றில் பேசிக்கொள்கின்றன. இரண்டையும் ஒரு சுவிட்ச் வழியாகக் கேபிளிலும் இணைத்தால், காற்றில் ஒரு வழி, கேபிளில் ஒரு வழி என்று முக்கோணம் மூடிவிடாதா?

நாகர்கோவில் கம்பியாளர்

மூடக்கூடிய இடம்தான். கேபிளைக் கண்டதும் காற்றுவழி இணைப்பைத் தானாக அணைக்கும் மெஷ் பெட்டிகள் பல உண்டு. சிலவற்றில் அதை அமைப்பில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் வரும் சிறு சுவிட்ச், மெஷ் பெட்டிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள அனுப்பும் செய்தியைக் கடத்தாமல் போனால் என்ன ஆகும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். மேலே எழுதிய கட்டளையை ஓடவிட்டபடி இரண்டாவது கேபிளைச் செருகிப் பாருங்கள். பதில் தடுமாறினால் உடனே பிடுங்கிவிட்டு, உங்கள் பெட்டியின் மாதிரி எண்ணையும் சுவிட்ச் வகையையும் இங்கே எழுதுங்கள்.

தோவாளைப் பூக்காடு

செருகினேன். முதல் அரை நிமிடம் பதிலே வரவில்லை; பிடுங்கலாம் என்று கை வைத்தபோது சரியாகிவிட்டது, இதுவரை சரியாகவே இருக்கிறது. இது மெஷ் பெட்டி தானாக வழியை அடைத்ததா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. மாதிரி எண் பெட்டியின் அடியில் இருக்கிறது. மாடியிலிருந்து இறக்கிப் பார்த்து நாளை எழுதுகிறேன்.